ஏ.ஐ.யிடம் படம் கேட்கும்போது ஆளை எப்படி எழுதுவது: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துச் சங்கங்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் நோட்டீஸ், பேனர் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போதெல்லாம் பாதிப் பேர் படத்தை அவர்களே ஏ.ஐ.யில் உருவாக்கி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கட்டடம், பூ, பலகாரம் எல்லாம் ஓரளவு சரியாகவே வந்திருக்கும். மனிதர்கள் வரும் இடத்தில்தான் தகராறு. அதைப் பற்றி அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

“தமிழ்ப் பாட்டின்னு போட்டா எப்பவும் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, பின்னால கோபுரம். ஏன் ஒரே மாதிரி வருது?”

இந்த மாடல்கள் இணையத்தில் கிடந்த படங்களையும் அவற்றோடு இருந்த குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துப் பயின்றவை. படம் வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாடலுக்குத் தீனியாகப் போன லையான் என்ற தொகுப்பில் இருப்பதே இப்படிப்பட்ட படமும் குறிப்புமான கோடிக்கணக்கான ஜோடிகள்தான். யார் எந்தப் படத்துக்கு “தமிழ்ப் பெண்” என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சுற்றுலா வந்தவர் எழுதுவார், கல்யாண போட்டோகிராபர் எழுதுவார், கோயில் திருவிழாவைப் படம்பிடித்த செய்தி நிறுவனம் எழுதும். முலுண்டில் வங்கி கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ் அம்மாவின் படத்துக்கு “வங்கி ஊழியர்” என்றுதான் குறிப்பு இருக்கும். ஆக, அந்த அம்மா தமிழர் என்பது மாடலுக்குத் தெரியவே தெரியாது. திருவிழாவுக்குப் போன பெண் மட்டும்தான் அதன் கணக்கில் தமிழ்ப் பெண்.

2023இல் ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட் என்ற செய்தித் தளம் மிட்ஜர்னி என்ற இன்னொரு பட ஏ.ஐ.யிடம் “ஒரு இந்தியர்” என்று மட்டும் சொல்லி 100 படம் உருவாக்கிப் பார்த்தது. கிட்டத்தட்ட எல்லாமே தாடி நரைத்த வயதான ஆண்கள், பெரும்பாலோர் தலையில் முண்டாசு. நாம் யாரும் தினமும் பார்க்கிற இந்தியா அது இல்லை.

அதனால் என் வழி ஒன்றுதான். வயது, உடம்பு, ஊர் எதுவானாலும் அந்த ஆள் எந்த வகை என்று எழுதாதீர்கள். கேமரா அங்கே இருந்தால் எதைப் பார்க்கும் என்று எழுதுங்கள். கீழே இருக்கிற பதில்கள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

“சர்க்கரை நோய் முகாமுக்கு நோட்டீஸ் போடணும். அறுபது தாண்டின, கொஞ்சம் குண்டான, நம்ம தாராவி அம்மா ஒருத்தர் வேணும். எப்படி எழுதறது?”

நம்மில் பலர் முதலில் தட்டுவது இந்த மாதிரி இருக்கும்:

```
old fat Tamil woman in Dharavi, diabetes checkup
```

இதற்கு என்ன வரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். `old` என்ற சொல்லுக்கு எண்பத்தைந்து வயது, முகமெல்லாம் கோடு, ஜன்னலுக்கு வெளியே ஏக்கப் பார்வை. `fat` என்ற சொல்லுக்குச் சோகமான முகம், அல்லது கையில் ஒரு தட்டு சாப்பாடு. `Tamil` வந்ததும் பூவும் மூக்குத்தியும் நகையும். `Dharavi` வந்ததும் தகர ஷீட், சாக்கடை, மஞ்சள் தூசி வெளிச்சம். ஊர்ப் பெயர் ஏன் இப்படிச் செய்கிறது என்றால், தாராவி என்று குறிப்பிட்ட படங்களில் பெரும்பாலானவை குடிசையைப் பார்க்க வந்தவர்கள் எடுத்தவை. 90 அடி ரோட்டில் நகைக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தை அவர்கள் எடுப்பதில்லை.

இப்போது அதே அம்மாவை, பார்ப்பதை மட்டும் வைத்து எழுதுவோம்:

```
A 62-year-old woman with a large, broad build sits on a
plastic chair in a school classroom, one finger held out
for a blood sugar test, mid-conversation with the nurse.
Dyed black hair, grey at the parting, glasses, printed
cotton sari. Dark brown skin, soft window light.
The nurse is a man in his forties, also heavyset.
Eye level, full figures in frame.
```

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். “வயதான” என்ற சொல்லை எடுத்துவிட்டு 62 என்ற எண்ணை வைத்தேன். எண்ணை மட்டும் நம்ப முடியாது. மாடல் சில நேரம் முப்பத்தைந்து வயது முகத்தில் வெள்ளை முடியை ஒட்டிவிடும், சில நேரம் எண்பதுக்கு ஓடிவிடும். அதனால்தான் வகிட்டில் மட்டும் நரை தெரியும் டை அடித்த முடியைச் சேர்த்தேன். நம் வீட்டு அம்மாக்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், அது வயதை ஓரளவு நிறுத்தியும் வைக்கும்.

அந்த அம்மா ஏதோ செய்துகொண்டிருக்கிறார் என்பது அடுத்தது. சும்மா “உட்கார்ந்திருக்கிறார்” என்று விட்டால் மாடல் தன் விருப்பத்துக்கு முகபாவம் போடும், வயதானவர் என்றால் அது பெரும்பாலும் சோகம்தான். நர்ஸோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் முகத்துக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது.

தாராவியை எடுத்துவிட்டு, முகாம் நடக்கும் பள்ளி வகுப்பறையை வைத்தேன். ஊர் எது என்று நோட்டீஸில் முகவரி சொல்லும். படம் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் என்று தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்பு பெஸ்ட் பஸ் போதும்.

பலர் கவனிக்காமல் விடுவது அந்த நர்ஸைத்தான். அவரைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் மாடல் அங்கே ஒரு சிவந்த, ஒல்லியான, இருபத்தைந்து வயதுப் பெண்ணை நிறுத்தும். அம்மாவைப் பற்றி நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், குண்டானவர் நோயாளி, ஒல்லியானவர் உதவி செய்பவர் என்று படம் மொத்தமாகச் சொல்லிவிடும். ஆகவே படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத வேண்டும், ஓரத்தில் நிற்பவருக்கும்தான்.

இன்னொன்று, சர்க்கரை பார்க்கும் மெஷினை இந்த மாடல்கள் அடிக்கடி ஊசி சிரிஞ்சாகவோ தெர்மாமீட்டராகவோ வரைந்துவிடும். ஆளைச் சரிபார்க்கும்போது கையையும் ஒருமுறை பாருங்கள்.

“நல்லா வந்திருக்கா, மோசமா வந்திருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு படத்தைப் பாத்தா சரியாத்தான் தோணுது.”

ஒரு படத்தைப் பார்த்தால் எப்போதும் சரியாகத்தான் தோன்றும். நான்கு நான்காக எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்த அம்மா நான்கிலும் தலை குனிந்திருக்கிறாரா? நான்கிலும் நர்ஸ்தான் நிற்கிறாரா? நான்கிலும் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறதா? நீங்கள் எழுதாத ஒன்று நான்கிலும் வந்தால், அது ஏதோ ஒரு சொல்லின் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன், மிட்ஜர்னி போன்றவற்றில் சீட் என்று ஓர் எண் இருக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் படம் அதே இடத்திலிருந்து தொடங்கும். மிட்ஜர்னியில் இப்படி:

```
a 62-year-old woman buying vegetables --seed 4321
a 62-year-old Tamil woman buying vegetables --seed 4321
```

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. ஆளின் முகம் மாறினால் பரவாயில்லை, அதற்காகத்தான் அந்தச் சொல்லைச் சேர்த்தீர்கள். கடை சின்னதாகி, தரை அழுக்காகி, வெளிச்சம் பழுப்பாகி, சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் இறுகிவிட்டதென்றால், அவை எல்லாம் அந்தச் சொல்லின் கணக்கில்தான் சேரும். அப்போது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே தரையையும் வெளிச்சத்தையும் நீங்களே எழுதிப் பூட்டிவிடலாம். அல்லது சொல்லையே எடுத்துவிடலாம். எழுதாமல் விட்ட இடத்தைத்தான் மாடல் தன் பழக்கத்தால் நிரப்புகிறது.

பேசிப் பேசிப் படம் வாங்கும் ஆப்களில் பொதுவாகச் சீட் எண் கைக்குக் கிடைக்காது. அங்கே ப்ராம்ப்ட் எனப்படும் அந்த இரண்டு வரிகளையும் புதிய உரையாடலில் தனித்தனியாகப் பல முறை கொடுத்து, இரண்டு குவியலாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். நேரம் ஆகும், ஆனால் விடை அதேதான் வரும்.

“குண்டுன்னு எழுத மனசு வரல. பிளஸ் சைஸ்னு போட்டா மரியாதையா இருக்கும்ல?”

மனிதர்களிடம் பேசும்போது அது மரியாதையாக இருக்கலாம். மாடலுக்கு அது துணிக்கடைச் சொல். `plus-size` என்று போட்டால் பெரும்பாலும் விளம்பர மாடல்தான் வருவார்: இளம் வயது, வழவழப்பான தோல், கொஞ்சம் அகலமான இடுப்பு, அவ்வளவுதான். `overweight`, `obese` இரண்டும் மருத்துவக் குறிப்புகளிலிருந்தும் எடை குறைப்பு விளம்பரங்களிலிருந்தும் வருபவை. அதனால் தலை வெட்டப்பட்ட வயிறு, எடை பார்க்கும் மெஷின், பர்கர் என்று கொண்டுவந்து சேர்க்கும். செய்திப் படங்களில் குண்டானவர்களைக் கழுத்துக்குக் கீழே மட்டும் காட்டும் பழக்கத்தை எதிர்த்து, உலக உடற்பருமன் கூட்டமைப்பு முகத்தோடும் அன்றாட வேலைகளோடும் எடுத்த படங்களை இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், கண் பழகிவிடும்.

எழுதும்போது உடம்பை உடம்பாக எழுதுங்கள்: அகன்ற தோள், தடித்த புஜம், ரவிக்கைக் கை இறுக்கமாக இருப்பது, கொசுவத்துக்கு மேலே வயிறு. இது அவமதிப்பு இல்லை; தையல்காரர் அளவெடுக்கும்போது பார்ப்பதும் இதைத்தான். இதை ப்ராம்ப்டின் முதல் வரியிலேயே வைத்துவிடுங்கள். பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்கள் ஒரே மூச்சில் 77 டோக்கன்களுக்கு, அதாவது சொல் துண்டுகளுக்கு, மேல் வாங்காது, கடைசியில் எழுதியது கேட்காமலே போகலாம். முழு உருவமும் தெரிய வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாடல் முகத்துக்கு நெருங்கிப் போய், முகத்தையும் மெலிய வைத்து, உடம்பை மறைத்துவிடும். இவ்வளவு செய்தும் சில மாடல்கள் ஒல்லியை நோக்கி இழுக்கத்தான் செய்யும்.

“கறுப்பா இருக்கற ஆளைக் கேட்டா ஒண்ணு சிவப்பாக்கிடுது, இல்ல எண்ணெய் தடவின சிலை மாதிரி ஆக்கிடுது.”

இரண்டும் ஒரே நோய். “அழகான”, “சிரிக்கும்”, “தொழிலதிபர்” போன்ற சொற்கள் நிறத்தை வெளுக்க வைக்கும். 2023இல் ப்ளூம்பெர்க் ஸ்டேபிள் டிஃப்யூஷனில் செய்த ஆய்விலும், நல்ல சம்பள வேலைகளுக்கு வெளிர்நிற முகங்களே அதிகம் வந்தன. மறுபக்கம், `dark skin` என்பதை மட்டும் அழுத்திச் சொன்னால், கறுத்த தோலைக் கலைப்படமாக எடுத்தவர்களின் பாணி வந்துவிடுகிறது: இருட்டுப் பின்னணி, பக்கவாட்டில் ஒற்றை விளக்கு, பளபளப்பு.

எனவே நிறத்தோடு வெளிச்சத்தையும் எழுதுங்கள். ஜன்னல் வெளிச்சம், மேகமூட்டமான பகல், ட்யூப் லைட் எதுவானாலும் சாதாரணமானதாக இருக்கட்டும். சரிபார்ப்பதற்கு மங்க் ஸ்கேல் என்ற நிறப்பட்டை உதவும். ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கி, 2022இல் கூகுள் வெளியிட்ட 10 நிறங்கள் அவை. ப்ராம்ப்டில் அந்த எண்ணைப் போட்டால் மாடலுக்குப் புரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். வந்த படங்களின் பக்கத்தில் அந்தப் பட்டையை வைத்துப் பாருங்கள். ஆறு பேர் இருக்கும் படத்தில் எல்லோரும் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், அது நம் மாட்டுங்கா மார்க்கெட் இல்லை.

“பூ வேண்டாம்னு தெளிவா எழுதினேன். பூ இன்னும் பெரிசா வந்தது!”

பல மாடல்களுக்கு “வேண்டாம்” காதில் விழாது, “பூ” மட்டும்தான் விழும். விலக்க வேண்டியதைத் தனியே எழுத இடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மிட்ஜர்னியில் ப்ராம்ப்டின் கடைசியில் `--no jasmine flowers, heavy jewelry` என்று போடலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டி உண்டு. இரண்டும் இல்லாத ஆப்பில், அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டுமோ அதை எழுதுங்கள்: தலைமுடியைக் கிளிப் போட்டுச் சின்னக் கொண்டையாக முடிந்திருக்கிறார் என்றால் பூவுக்கு அங்கே வேலை இல்லை.

நீங்கள் எழுதாமலேயே பூ வந்தால் வேறு ஒன்றைச் சந்தேகிக்கலாம். சில ஆப்கள் உங்கள் இரண்டு வரியை வாங்கி, தாங்களே பத்து வரியாக நீட்டித்தான் மாடலிடம் கொடுக்கின்றன. டால்-ஈ 3 அப்படித்தான் செய்தது. நீட்டிய வடிவத்தைப் பார்க்க வழியிருந்தால் பார்த்து, `traditional`, `vibrant`, `authentic`, `wise` போன்ற சொற்களைத் தேடுங்கள். நம் ஊர்க்காரர் பெயரோடு இவை ஒட்டிக்கொண்டு வரும். `authentic` என்ற சொல்தான் எனக்குத் தெரிந்து அதிக சேதம் செய்வது.

“எல்லா மதமும் தெரியற மாதிரி நாலு பேர் நிக்கணும். குல்லா, சிலுவை, பொட்டு எல்லாம் போட்டா சரியா?”

பழைய பள்ளிக்கூடத்து ஒருமைப்பாட்டு போஸ்டர் வேண்டுமென்றால் சரி. முகாமில் நிற்கும் வரிசை வேண்டுமென்றால் அப்படி யாரும் அடையாளத்தை மாட்டிக்கொண்டு நிற்பதில்லை. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன, வரிசையில் பார்த்தால் பலரைப் பிரித்துச் சொல்ல முடியாது. நால்வரில் ஒருவருக்கு, போகிற போக்கில் ஓர் அடையாளம் இருக்கட்டும். மற்றவர்களை அவர்கள் கையில் இருப்பதையும் உடையையும் வைத்து வேறுபடுத்துங்கள்: ஒருவர் ரிப்போர்ட் ஃபைல், ஒருவர் ஹெல்மெட், ஒருவர் நைட்டி மேல் துண்டு.

செய்முறையில் ஒரு தொல்லை உண்டு. ஒரே ப்ராம்ப்டில் நான்கு பேரின் விவரத்தைக் கொடுத்தால், ஒருவரின் உடையும் நிறமும் இன்னொருவர் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இடமிருந்து வலமாக எழுதினால் கொஞ்சம் குறையும். முதலில் கூட்டத்தைப் பொதுவாக உருவாக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் தனியே தேர்ந்தெடுத்து மாற்றி வரைய வைப்பது அதைவிட நம்பகமானது.

“ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி விழாவுக்கு ஒரு தலித் குடும்பம் படம் வேணும். அப்படியே எழுதலாமா?”

எழுதாதீர்கள். சாதியைக் கேமரா பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஒன்றைக் கேட்டால் மாடல் தான் படித்த செய்திகளிலிருந்து நிறத்தையும் கிழிந்த துணியையும் துடைப்பத்தையும் எடுத்து வந்து வைக்கும். மேல்சாதிப் பெயரைப் போட்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும், அதுவும் தப்புதான். விழாவை எழுதுங்கள்: நீலக் கொடிகள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் புத்தகத்தோடு ஒரு பெண், தோளில் குழந்தையோடு அப்பா, பின்னால் அடுக்குமாடிக் கட்டடம். அம்பேத்கர் உருவத்தை மட்டும் மாடலிடம் கேட்காதீர்கள். மூக்கும் கண்ணாடியும் கொஞ்சம் மாறினாலே வேறு யாரோ ஆகிவிடுவார். உண்மையான புகைப்படம் எத்தனையோ கிடைக்கிறது, அதை வைத்து அச்சிடலாம்.

“அப்போ எல்லாத்தையும் தலைகீழாப் போட்டுடலாமா? பாட்டி பைக் ஓட்டறாங்க, குண்டானவர் யோகா பண்றாங்க...”

ஒரு தடவை சிரிப்பு வரும். இரண்டாம் தடவை அதுவும் ஓர் அச்சாகிவிடும். பாட்டி என்றாலே கூலிங் கிளாஸ் என்று. முகாமுக்கு வருகிறவர் பைக்கில் வருவதில்லை, ஷேர் ஆட்டோவில்தான் வருகிறார். பன்மை வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பிப்ரவரியில் கூகுளின் ஜெமினி பட்ட பாடு போதும்: இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் சிப்பாய்களைப் பல இனத்தவராக வரைந்து, கடைசியில் மனிதர்களை வரைவதையே சில மாதம் நிறுத்த வேண்டி வந்தது. 1940களின் மாட்டுங்கா காபி கிளப்பை வரையச் சொன்னால், அங்கே அன்று யார் உட்கார்ந்திருப்பார்களோ அவர்களைத்தான் எழுத வேண்டும்.

“இந்த அம்மா படத்துக்குக் கீழே ‘எனக்குச் சர்க்கரை குறைந்தது’ன்னு போடலாமா?”

கூடாது. இல்லாத ஒருவரை நோயாளியாகச் சாட்சி சொல்ல வைப்பது ஏமாற்று. அப்படி ஒரு வரி வேண்டுமென்றால் உண்மையில் பயனடைந்தவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி அவரையே படம் எடுங்கள்.

“ஸ்க்ரீன்ல நல்லா இருந்த முகம் நோட்டீஸ்ல கரியா போயிடுச்சு. பிரஸ்காரர் முகத்தை மட்டும் வெளுப்பாக்கித் தரேன்கறார்.”

விட்டுவிடாதீர்கள், இவ்வளவு நேரம் செய்ததெல்லாம் அங்கே போய்விடும். மலிவான காகிதத்தில் மை பரவும், நடுத்தர நிறங்கள் எல்லாம் ஒரு படி இருட்டாகும், கறுத்த முகத்தில் கண்ணும் கன்னமும் ஒன்றாகிவிடும். முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் என்ற கருவியில் நடுப்பகுதியை முழுப் படத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள், முகத்துக்குப் பின்னால் வெளிர் சுவர் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ஓட்டுவதற்கு முன் அதே காகிதத்தில் ஒரு தாள் அடித்துக் கொடுக்கச் சொல்லி, ட்யூப் லைட்டின் கீழே பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.